ஒரே தாளில் மூன்று வகை மைனஸ்

2014-ஆம் ஆண்டு கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளில் ஒரு கேள்வி வந்தது. ஒரு மாறியில் −14.25 என்ற மதிப்பு இருக்கிறது. மிதவைப் புள்ளி எண்களுக்கான ஐ.இ.இ.இ. 754 தரப்படி 32 பிட்டுகளில் அது எப்படிப் பதிவாகும் என்பதைப் பதினாறடிமான வடிவில் சொல்ல வேண்டும். கொடுக்கப்பட்ட நான்கு விடைகள்: C1640000, 416C0000, 41640000, C16C0000. கேள்வி நீளமானதல்ல. குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 8 பிட், மாண்டிசாவுக்கு 23 பிட் என்ற பகுப்பையும் கேள்வியிலேயே கொடுத்திருந்தார்கள். ஆனாலும் கணினி அமைப்பியல் படிப்பவர்கள் இந்த வகைக் கேள்வியில் தொடர்ந்து தடுமாறுகிறார்கள். காரணம் கணக்கின் கடினம் அல்ல. அதே பாடத்தில் சில பக்கங்களுக்கு முன்புதான் எதிர்ம எண்ணை 2-ன் நிரப்பு முறையில் எழுதப் பழகியிருப்பார்கள். கை அந்தப் பழக்கத்திலேயே இங்கும் ஓடுகிறது.

இந்தத் தரத்தின் மிதவைப் புள்ளி எண்ணில் 2-ன் நிரப்பு எங்குமே இல்லை. எண்ணின் குறி ஒரு முறையில் எழுதப்படுகிறது. அடுக்கின் குறி வேறொரு முறையில் எழுதப்படுகிறது. முழு எண்ணின் குறியோ இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் மனப்பாடத்துக்கு அதிக வேலை இருக்காது.

முழு எண்ணிலிருந்து தொடங்கலாம். 8 பிட்டுகளில் −14 வேண்டும் என்றால், 14-ஐ 00001110 என்று எழுதி, எல்லா பிட்டுகளையும் புரட்டி 11110001 ஆக்கி, 1 கூட்டினால் 11110010 கிடைக்கும். இந்தச் செய்முறை எல்லோருக்கும் தெரியும். அதன் பொருள்தான் பலருக்கும் மங்கலாக இருக்கிறது. 2-ன் நிரப்பு முறையில் இடப்பக்கக் கடைசி பிட் வெறும் அடையாளம் அல்ல. அதற்கு ஓர் எடை உண்டு, அந்த எடை எதிர்மமானது. 8 பிட்டுகளில் அது −128. மற்ற பிட்டுகளின் எடை வழக்கம்போல 64, 32, 16 என்று இறங்கும். 11110010-ஐ அப்படியே கூட்டிப் பாருங்கள்: −128 + 64 + 32 + 16 + 2 = −14. புரட்டவும் வேண்டாம், 1 கூட்டவும் வேண்டாம். விடையைச் சரிபார்க்க இதைவிட விரைவான வழி இல்லை.

இந்த அமைப்பின் பயன் கூட்டல் சுற்றில் தெரிகிறது. 00001110-ஐயும் 11110010-ஐயும் கூட்டினால் 1 00000000 வரும். ஒன்பதாவது பிட்டை விட்டுவிட்டால் பூஜ்யம். கூட்டும் சுற்றுக்குத் தன்னிடம் வந்த எண்களில் எது எதிர்மம் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கழித்தலுக்குத் தனிச் சுற்றும் வேண்டாம். ஒரு பக்கத்தைப் புரட்டி, உள்வரும் மீதியாக 1-ஐக் கொடுத்தால் போதும்.

விளைவு எல்லை தாண்டியதா என்பதை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். 8 பிட்டுகளில் 100-ஐயும் 50-ஐயும் கூட்டினால் 10010110 வரும். அதன் மதிப்பு −106. இரண்டு நேர்ம எண்களைக் கூட்டி எதிர்மம் வந்தால் விடை தவறு என்று பொருள். வெளியே விழும் மீதி பிட்டை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கூட்டலில் மீதி எதுவும் வெளியே விழவில்லை, ஆனாலும் விடை தவறு. முந்தைய கூட்டலில் மீதி விழுந்தது, ஆனாலும் விடை சரி. குறி பிட்டுக்குள் நுழையும் மீதியும் அதிலிருந்து வெளியேறும் மீதியும் வேறுபட்டால்தான் எல்லை தாண்டியிருக்கிறது.

அகலத்தை மாற்றுவது இன்னொரு பொறி. 2019 கேட் தாளில் −28-ஐ 16 பிட்டுகளில் கேட்டார்கள். 8 பிட்டுகளில் அது 11100100. இடப்பக்கத்தில் பூஜ்யங்களை நிரப்பினால் 228 என்ற நேர்ம எண் வந்துவிடும். குறி பிட்டையே நகலெடுத்து நிரப்ப வேண்டும்: 1111111111100100. அதே வழியில் 32 பிட்டுகளில் −14 என்பது FFFFFFF2. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது −14.25-க்கு வருவோம். முதலில் மைனஸை முழுவதுமாக ஒதுக்கி வைக்க வேண்டும். 14.25 இருமத்தில் 1110.01. புள்ளியை மூன்று இடம் இடப்பக்கம் நகர்த்தினால் 1.11001 × 2³ என்ற இயல்பு வடிவம் கிடைக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ள 1 எப்போதும் இருக்கும் என்பதால் அதைச் சேமிப்பதில்லை. அது மறைந்திருக்கும் பிட். மாண்டிசா புலத்தில் போவது 11001-ம் அதன் பின்னால் 18 பூஜ்யங்களும். அடுக்கு 3, அதனுடன் 127-ஐக் கூட்டி 130, அதாவது 10000010 என்று சேமிக்கிறோம். கடைசியாக, ஒதுக்கி வைத்த மைனஸுக்காக முதல் பிட்டில் 1.

```
1 10000010 11001000000000000000000
1100 0001 0110 0100 0000 0000 0000 0000
C    1    6    4    0    0    0    0
```

விடை C1640000. இதிலேயே இன்னொரு வழுக்கும் இடம் இருக்கிறது. புலங்களின் எல்லை 1, 9 என்ற இடங்களில் விழுகிறது. பதினாறடிமான இலக்கங்களின் எல்லை நான்கு நான்கு பிட்டுகளில் விழுகிறது. அடுக்கின் கடைசி பிட் மூன்றாவது இலக்கத்தின் முதல் பிட்டாக இருக்கிறது. இலக்கங்களைப் பார்த்த மாத்திரத்தில் புலங்களைப் பிரிக்க முயல்பவர்கள் இங்கேதான் ஒரு பிட் தள்ளிப் போய்விடுகிறார்கள். 32 பிட்டுகளையும் ஒரு வரியில் எழுதிப் பார்ப்பது நேர விரயம் அல்ல.

தவறான விடைகளைப் பிரித்துப் பார்ப்பது சரியான விடையைவிடச் சுவையானது. 41640000 என்பது +14.25, குறியை மறந்தவருக்கான விடை. C16C0000-ஐப் பிரித்தால் மாண்டிசா 11011 என்று வரும். 1.11011 × 2³ = 1110.11, அதாவது 14.75, குறியுடன் −14.75. இது எங்கிருந்து வந்திருக்கும்? .01 என்ற பின்னத்துக்கு மட்டும் 2-ன் நிரப்பு எடுத்தால் .11 கிடைக்கிறது. கேள்வி அமைத்தவர் இதை நினைத்துத்தான் வைத்தாரா என்பதை நாம் அறிய வழியில்லை; ஆனால் அரைகுறையாக நிரப்பு எடுப்பவருக்கு அந்த விடை காத்திருக்கிறது. ஒருவர் மாண்டிசா புலம் முழுவதற்கும் நிரப்பு எடுத்திருந்தால் 11001… என்பது 00111… ஆகி, C11C0000 என்ற பதிவு வரும். கணினி அதை −9.75 என்று படிக்கும். அது தவறான வடிவம் என்று எந்த எச்சரிக்கையும் வராது. எந்தப் பிட் வரிசையும் ஏதோ ஒன்றாகப் படிக்கப்பட்டுவிடும் என்பதுதான் இந்தப் பாடத்தின் தொல்லை.

மிதவைப் புள்ளியின் குறிக்கு 2-ன் நிரப்பைப் பயன்படுத்தாமல், குறியையும் அளவையும் தனித்தனியாக எழுதும் குறி-அளவு முறையை ஏன் வைத்தார்கள்? பெருக்கலையும் வகுத்தலையும் நினைத்துப் பாருங்கள். குறி தனியாக இருந்தால், இரண்டு குறி பிட்டுகளையும் XOR செய்தால் விடையின் குறி கிடைத்துவிடும். மாண்டிசாக்களை நேர்ம எண்களாகவே பெருக்கலாம். எண்ணின் குறியை மாற்றுவதற்கு ஒரே ஒரு பிட்டைத் திருப்பினால் போதும். வீச்சும் இருபுறமும் சமமாக இருக்கும். 8 பிட் முழு எண்ணில் −128 உண்டு, +128 இல்லை என்ற கோணல் இங்கே கிடையாது.

இதற்கு விலையும் உண்டு. வெவ்வேறு குறியுள்ள இரண்டு எண்களைக் கூட்டும்போது எதன் அளவு பெரியது என்று பார்த்துக் கழிக்க வேண்டியிருக்கிறது. பூஜ்யமும் இரண்டாகிவிடுகிறது: 00000000, 80000000. தரத்தின்படி இரண்டும் சமம். ஆனால் 1-ஐ முதலாவதால் வகுத்தால் நேர்ம முடிவிலி, இரண்டாவதால் வகுத்தால் எதிர்ம முடிவிலி. நிரப்பு முறையில் மிதவைப் புள்ளியை அமைக்கவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தின் TMS320C30 சிப்பில் மாண்டிசாவும் அடுக்கும் 2-ன் நிரப்பில்தான் இருந்தன. இதெல்லாம் ஒரு தேர்வு; இயற்கை விதி அல்ல.

அடுக்கின் குறிதான் என் பார்வையில் மூன்றிலும் அழகானது. அடுக்கு நேர்மமாகவும் இருக்கலாம், எதிர்மமாகவும் இருக்கலாம். அதை 2-ன் நிரப்பில் எழுதினால் என்ன கெட்டுவிடும்? 0.5 என்பது 1.0 × 2⁻¹. 2 என்பது 1.0 × 2¹. நிரப்பு முறையில் முதலாவதின் அடுக்கு 11111111, இரண்டாவதின் அடுக்கு 00000001. பிட்டுகளை இடமிருந்து வலமாக ஒப்பிடும் எளிய சுற்று ஒன்று 0.5-தான் பெரியது என்று சொல்லிவிடும். 127-ஐக் கூட்டிச் சேமித்தால் அவை 126, 128 ஆகின்றன: 01111110, 10000000. முழுப் பதிவுகள் 3F000000, 40000000. இப்போது பிட் வரிசையில் பெரியதாகத் தெரிவதே மதிப்பிலும் பெரியது. அடுக்கு இடப்பக்கமும் மாண்டிசா வலப்பக்கமும் இருப்பதற்கும் காரணம் இதுவே. நேர்ம மிதவைப் புள்ளி எண்களை முழு எண்களை ஒப்பிடுவதுபோலவே ஒப்பிட்டுவிடலாம்.

கூட்டும் எண் ஏன் 127, 128 அல்ல என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. டெக் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில் 128-தான் இருந்தது. 128-ஐக் கூட்டுவது என்பது 2-ன் நிரப்பில் முதல் பிட்டை மட்டும் திருப்புவதற்குச் சமம்; அந்த அளவில் அது எளிதும்கூட. வில்லியம் கஹானின் வழிகாட்டுதலில் உருவாகி 1985-இல் வெளியான ஐ.இ.இ.இ. தரம் 127-ஐ எடுத்துக்கொண்டது. சேமிக்கப்படும் 0-வும் 255-ம் சிறப்பு வேலைகளுக்காக ஒதுக்கப்பட்டவை. மீதமுள்ள 1 முதல் 254 வரை −126 முதல் +127 வரையிலான அடுக்குகளைக் குறிக்கின்றன. இயல்பு வடிவிலுள்ள மிகச் சிறிய எண் 2⁻¹²⁶; அதன் தலைகீழி 2¹²⁶, இது வீச்சுக்குள் அடங்கிவிடுகிறது. அதே ஒதுக்கீட்டோடு 128-ஐ வைத்திருந்தால் வீச்சு −127 முதல் +126 வரை என்றாகி, 2⁻¹²⁷-இன் தலைகீழி எல்லைக்கு வெளியே போயிருக்கும்.

அடுக்கின் மதிப்பும் சேமிக்கப்படும் எண்ணும் வேறு வேறு என்பதை 2012 கேட் தாள் நேரடியாகவே சோதித்தது. 0.5-ஐ இந்தத் தரத்தில் எழுதினால் பின்ன பிட்டுகள் என்ன, அடுக்கின் மதிப்பு என்ன என்பது கேள்வி. பின்னம் முழுவதும் பூஜ்யம், அடுக்கின் மதிப்பு −1. 0.5 என்றவுடன் பின்னத்தில் 100…0 என்று எழுதத் தோன்றும்; மறைந்திருக்கும் பிட்டை மறந்தவர்கள் அந்தப் பக்கம் போவார்கள்.

கூட்டிய 127-ஐக் கணக்கின் நடுவே மறந்துவிடுவதுதான் அடுத்த சிக்கல். 2020 கேட் தாளில் R1 என்ற ரெஜிஸ்டரில் 0x42200000, R2-இல் 0xC1200000 என்று கொடுத்து, R1/R2-இன் விளைவைக் கேட்டார்கள். இரண்டையும் பிரிப்போம்.

```
R1: 0 10000100 0100000...   132-127 = 5    1.25 x 32 = 40
R2: 1 10000010 0100000...   130-127 = 3   -1.25 x 8  = -10
```

விடை −4 என்று தெரிகிறது. அதைத் திரும்ப எழுதினால் −1.0 × 2², சேமிக்கும் அடுக்கு 129, பதிவு C0800000. தேர்வில் இந்த வழியே பாதுகாப்பானது. கணினி இப்படித் தசமத்துக்கு வந்து போவதில்லை. புலங்களின் மேலேயே வேலை செய்கிறது. குறி: 0 XOR 1 = 1. மாண்டிசா: 1.25 ÷ 1.25 = 1. அடுக்கு: 132 − 130 = 2. இங்கேதான் நிற்க வேண்டும். இரண்டிலும் இருந்த 127 கழித்தலில் ஒன்றையொன்று தின்றுவிட்டது. 2 என்பது உண்மையான அடுக்கு. சேமிப்பதற்கு 127-ஐத் திரும்பக் கூட்டி 129 ஆக்க வேண்டும். மறந்தால் 81000000 என்ற பதிவு வரும். அது 2⁻¹²⁵ அளவிலான, கண்ணுக்கே தெரியாத ஓர் எதிர்ம எண். பெருக்கலில் நிலைமை நேர்மாறு: இரண்டு 127-கள் சேர்ந்துவிடும் என்பதால் ஒன்றைக் கழிக்க வேண்டும். உங்கள் விடை எதிர்பார்த்ததைவிட நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாகவோ பெரியதாகவோ வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த 127-ஐத்தான்.

இப்போது FFFFFFF2-க்குத் திரும்புவோம். முழு எண்ணாக அது −14. அதே 32 பிட்டுகளை மிதவைப் புள்ளியாகப் படித்தால்? குறி 1, அடுக்குப் புலம் முழுவதும் 1, மாண்டிசா பூஜ்யம் அல்ல. அடுக்கு 255-ஆகவும் மாண்டிசா பூஜ்யம் அல்லாததாகவும் இருந்தால் அது எண்ணே அல்ல. திரையில் `nan` என்று வரும். இது −14-க்கு மட்டும் நேர்வதல்ல. −1 முதல் −8388607 வரையிலான எல்லா முழு எண்களுக்கும் இதுதான் கதி, ஏனெனில் 2-ன் நிரப்பில் சிறிய எதிர்ம எண்களின் இடப்பக்கம் முழுவதும் 1-களால் நிரம்பியிருக்கும். அடுத்த எண்ணான −8388608-இன் பதிவு FF800000. அதை மிதவைப் புள்ளியாகப் படித்தால் எதிர்ம முடிவிலி. தவறான வகையில் படிக்கப்பட்ட நினைவகத்தில் `nan` கொத்துக் கொத்தாகத் தெரிந்தால், அங்கே உண்மையில் சிறிய எதிர்ம முழு எண்கள் இருக்கக்கூடும்.

மதிப்பை மாற்றுவதும் பிட்டுகளை அப்படியே எடுத்துப் படிப்பதும் சி மொழியில் இரண்டு வேறு செயல்கள். கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் எழுதினால் வேறு கேள்விக்கு விடை எழுதியவர் ஆவோம்.

```c
float x = -14.25f;
unsigned u;
memcpy(&u, &x, sizeof u);
printf("%08X\n", u);                 /* C1640000 */
printf("%08X\n", (unsigned)(int)x);  /* FFFFFFF2 */
```

memcpy வரி பிட்டுகளைத் தொடாமல் நகலெடுக்கிறது. கடைசி வரி மதிப்பை முழு எண்ணாக மாற்றுகிறது; .25 உதிர்ந்து −14 ஆகி, 2-ன் நிரப்பில் எழுதப்படுகிறது.

எல்லாக் கேள்விகளும் ஐ.இ.இ.இ. வடிவத்திலேயே வரும் என்று எண்ணிவிட வேண்டாம். 2005 கேட் தாளில் 16 பிட் வடிவம் ஒன்றைக் கொடுத்தார்கள்: 1 குறி பிட், 64-ஐக் கூட்டிச் சேமிக்கும் 7 பிட் அடுக்கு, குறி-அளவு முறையில் தூய பின்னமாக 8 பிட் மாண்டிசா. 0.239 × 2¹³-ஐ இயல்பு வடிவுக்கு மாற்றாமல் எழுதச் சொன்னார்கள். 13 + 64 = 77, பதினாறடிமானத்தில் 4D. 0.239 × 256 = 61.18, முழுப்பகுதி 61, அதாவது 3D. விடை 4D3D. இங்கே மறைந்திருக்கும் பிட்டும் இல்லை, 127-ம் இல்லை. பழக்கத்தில் இரண்டையும் நுழைத்துவிட்டால் கதை முடிந்தது.

அந்த 64 ஒன்றும் கற்பனைச் சரக்கு அல்ல. 1964-இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளில் மிதவைப் புள்ளியின் அடுக்கு 64-ஐக் கூட்டித்தான் சேமிக்கப்பட்டது; எண்ணின் குறி குறி-அளவு முறையில் இருந்தது; முழு எண்கள் 2-ன் நிரப்பில் இருந்தன. அடிமானம் மட்டும் 2-க்குப் பதிலாக 16. ஆக, இன்று ஒரே தாளில் சந்திக்கும் மூன்று வகை மைனஸும் அப்போதே ஒரே இயந்திரத்தில் சேர்ந்துவிட்டன. ஆனால் முழு எண்ணுக்கு 2-ன் நிரப்புத்தான் என்பதை சி மொழியின் தரம் கட்டாயமாக்கியது C23 என்ற பதிப்பில்தான்.

கடைசியாக, மூன்று முறைகளும் ஒன்றோடொன்று உரசும் ஓர் இடம். நேர்ம மிதவைப் புள்ளி எண்களை முழு எண்களைப்போல ஒப்பிடலாம் என்று மேலே சொன்னேன். எதிர்ம எண்களில் இது தலைகீழாகிவிடும். −2-இன் பதிவு C0000000. −4-இன் பதிவு C0800000. 2-ன் நிரப்பு முழு எண்களாகப் படித்தால் முதலாவது −1073741824, இரண்டாவது −1065353216. −4-தான் −2-ஐவிடப் பெரியது என்று ஆகிறது. குறி-அளவு முறையில் அளவு கூடக் கூடப் பிட் வரிசையும் கூடும். 2-ன் நிரப்பிலோ, குறி பிட் 1-ஆக இருக்கும்போது பிட் வரிசை கூடினால் எண் பூஜ்யத்தை நோக்கி நகரும்.

மிதவைப் புள்ளி எண்களை வரிசைப்படுத்தும் நிரல்கள் இதற்கு ஒரு திருத்தம் செய்கின்றன. குறி பிட் 0 என்றால் அதை மட்டும் 1 ஆக்குகின்றன. குறி பிட் 1 என்றால் 32 பிட்டுகளையும் புரட்டிவிடுகின்றன. பிறகு எல்லாவற்றையும் குறியில்லாத முழு எண்களாக ஒப்பிடுகின்றன. −4 என்பது 3F7FFFFF ஆகிறது, −2 என்பது 3FFFFFFF ஆகிறது, 0.5 என்பது BF000000 ஆகிறது, 2 என்பது C0000000 ஆகிறது. நான்கும் ஏறுவரிசையில் நிற்கின்றன. இங்கே பிட்டுகளைப் புரட்டியதோடு வேலை முடிந்துவிடுகிறது. 1 கூட்ட வேண்டியதில்லை.